புகை நாளில் ஜன்னலைத் திறக்கும் நேரம்

2018 ஜனவரி 13, போகி. அன்று காலை சென்னை விமான நிலையத்தைப் பனியும் புகையும் சேர்ந்து மூடியதில் விமானங்கள் பல தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பழைய பாய், துணி, டயர் என்று எதை எரித்தார்கள் என்பதைப் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. எந்த நேரத்தில் எரித்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். மார்கழிக் கடைசியில் விடியலுக்கு முன் தரை குளிர்ந்து கிடக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள காற்று சற்றுச் சூடாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, மேலே எழாது. ஆகவே அந்த நேரத்தில் கிளம்பும் புகை வானத்துக்குப் போகாமல் தெருவிலேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் காற்று மேலும் கீழுமாகக் கலந்து புகை கலையும். பெரும்பாலான நாட்களில் அது முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் நடக்கிறது. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர் புகை நாளைத் திட்டமிட வேண்டியது இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான். நாள் முழுக்க வீட்டைப் பூட்டி வைப்பதை விட, சரியான நேரத்தில் மூடிச் சரியான நேரத்தில் திறப்பது கூடுதல் பலன் தரும்.

விடியற்காலைக் காற்றுதான் சுத்தமானது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் மருத்துவர் நடக்கச் சொன்ன இதய நோயாளி, போகியன்றும் தீபாவளிக்கு மறுநாளும் வழக்கம்போல் ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறார். அது அந்த நாளின் மிக மோசமான மணி நேரமாக இருக்க வாய்ப்பு அதிகம். தீபாவளியில் மாலை வெடித்த பட்டாசுப் புகை இரவு முழுக்கத் தேங்கி மறுநாள் காலை வரை நிற்கும். சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒருவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகிறது. இழுக்கும் புகையும் அதே விகிதத்தில் கூடும். அந்த நடையைப் பிற்பகலுக்குத் தள்ளலாம், அல்லது இரண்டு நாள் விட்டுவிடலாம்.

ஒரு நாள் புகை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்துமாவில் விடை உடனே தெரியும்: மூச்சுக்குழாய் சுருங்கி நெஞ்சில் விசில் கேட்கும். இதயத்தில் விடை கண்ணுக்குத் தெரியாது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கி அழற்சியைத் தூண்டுகின்றன. ரத்தக் குழாய் இறுகுகிறது, ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. சில மணி நேரமே இந்தத் துகள்களைச் சுவாசித்தாலும், ஏற்கெனவே நோயுள்ளவருக்கு மாரடைப்பு தூண்டப்படலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-இல் சான்றுகளைத் தொகுத்துச் சொன்னது. இருமலே வராத இதய நோயாளியும் அதனால் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

எப்போது திறப்பது என்பதற்கு அளவீடு தேவை. ஆனால் அதைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் செய்தியில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முறைப்படி, 24 மணி நேரச் சராசரி. போகி விடியலில் புகை உச்சத்தில் இருக்கும்போது அந்தச் சராசரி முந்தைய நாளின் நல்ல காற்றையும் சேர்த்துக் குறைவாகக் காட்டும். பிற்பகலில் காற்று தெளிந்த பிறகும் மோசம் என்றே சொல்லும். நமக்கு வேண்டியது அருகிலுள்ள நிலையத்தின் அந்தந்த மணி நேர அளவு. அது கிடைக்காவிட்டால், வழக்கமாகத் தெரியும் தொலைவான கட்டடம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். மூக்கை மட்டும் நம்பக் கூடாது. சிறிது நேரத்தில் அது வாசனைக்குப் பழகிவிடும்.

இப்போது அறைக்கு வருவோம். நம் வீடுகளில் கதவு ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்குகள் வழியே காற்று வந்துகொண்டே இருக்கும். அறைக் காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் வெளிப்புகையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ளே சேர்ந்துவிடும். மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய வெளி அளவே வந்துவிடும். கதவை மூடுவது புகையைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. அதனால் புகை எழுமுன், அதாவது போகிக்கு முந்தைய இரவே, மூட வேண்டும். வெளியே தெளிந்தவுடன் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட வேண்டும். பயந்து மாலை வரை பூட்டியே வைத்திருக்கும் வீட்டில், தெரு சுத்தமான பிறகும் காலைப் புகையையே நோயாளி சுவாசித்துக் கொண்டிருப்பார்.

தாமதத்தைப் பாதுகாப்பாக மாற்றுவது காற்று வடிகட்டி. வீடு முழுக்கக் காக்க முயல வேண்டாம்; தெருவைப் பார்க்காத, ஜன்னல் குறைந்த ஒரு படுக்கையறை போதும். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். அந்தக் காற்றை மணிக்கு ஐந்து முறை வடிகட்ட, மணிக்கு 170 கன மீட்டர் திறன் வேண்டும். ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியின் பெட்டியில் இந்த எண் சிஏடிஆர் என்ற பெயரில் இருக்கும். அப்படி ஒன்று ஓடினால் மேலே சொன்ன அதே ஒழுகும் அறையில் புகை வெளி அளவில் ஆறில் ஒரு பங்காகக் குறையும். கதவடி இடுக்கில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தால் இன்னும் குறையும். ஓசோன் வெளியிடும் கருவியை மட்டும் வாங்கக் கூடாது, அது ஆஸ்துமாவைக் கிளப்பும்.

கருவி இல்லாத வீட்டிலும் செய்ய நிறைய இருக்கிறது. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றவிடுவதால் அதை ஓட்டலாம். விண்டோ ஏசியில் வெளிக்காற்றுத் திறப்பை மூடிவிட வேண்டும். ஏர்கூலர் கூடாது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப எல்லா இடுக்கு வழியாகவும் தெருப்புகை உள்ளே வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, ஜன்னலை அடைத்த அறையில் கொசுவர்த்தி ஏற்றுவது. ஒரு கொசுவர்த்திச் சுருள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை வெளியிடுகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அன்று கொசுவலை கட்டிக்கொள்ளலாம். ஊதுபத்தி, சாம்பிராணி, பொரியல் தாளிப்பு ஆகியவையும் புகை தெளியும் வரை காத்திருக்கட்டும்.

அடைத்த அறையில் புழுங்காதா, மூச்சு முட்டாதா என்பது நியாயமான கேள்வி. மார்கழி விடியலில் சில மணி நேரம் ஒருவரோ இருவரோ இருக்கும் அறையில் காற்று தீர்ந்துவிடாது. ஒழுகும் இடுக்குகளே அதற்குப் போதும். ஆனால் 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தது போலக் கோடையில் புகை வந்தால் கணக்கு மாறும். ஏசி இல்லாத அறையில் வெப்பமே இதய நோயாளிக்கு ஆபத்து. அப்போது அடைத்துக்கொண்டு கிடப்பதைவிட, புகை அடிக்காத திசையில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதே சரி. வெளியே போயே தீர வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் உதவும். ஈரத் துணியும் கைக்குட்டையும் நுண்துகளைப் போதிய அளவு நிறுத்தாது.

மருந்து விஷயத்தில் ஆஸ்துமா நோயாளிகள் பலர் செய்யும் பிழை, நன்றாக இருக்கும் வாரங்களில் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிடுவது. அது மூச்சுக்குழாயின் வீக்கத்தை மெல்ல மெல்ல அடக்கும் மருந்து; போகியன்று காலை தொடங்கினால் போகிப் புகைக்குப் பயன்படாது. அதனால் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து அதை ஒழுங்குபடுத்தி, அவசர இன்ஹேலரில் மருந்து மீதி இருக்கிறதா என்றும் பார்த்து வைக்க வேண்டும். அவசர இன்ஹேலர் எடுத்தும் இளைப்பு அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இதய நோயாளிக்கு நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை அதே போன்ற அறிகுறிகள். புகையால்தான் இருக்கும், தெளிந்தால் சரியாகிவிடும் என்று ஒரு மணி நேரம் கூடப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.