வெட்டும் முன் காகிதம் சொல்வது

முதன்முதலாகப் பேப்பர் பேட்டர்ன் வாங்கித் தைத்த குர்தியில், என்னோடு இன்னொருவரும் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. தையலில் பிழை இல்லை. கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தவறு நடந்துவிட்டிருந்தது. எனக்குச் சரியாக இருக்கும் பழைய குர்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே அளந்தேன். 20 இஞ்ச் இருந்தது. இரட்டித்தால் 40. சைஸ் அட்டவணையில் மார்பு 40 என்ற கட்டத்தைத் தேடி, அதற்கு நேரே இருந்த 18-ஆம் சைஸை வெட்டினேன்.

அட்டவணையில் இருக்கும் எண் உடுப்பின் அளவு அல்ல, உடம்பின் அளவு. நான் டேப்பைப் பிடித்திருக்க வேண்டியது என் மார்பைச் சுற்றித்தான். அங்கே 36தான். மூச்சு விடவும், கையைத் தூக்கவும், உட்காரவும் தேவையான தளர்வை வடிவமைத்தவர் ஏற்கெனவே காகிதத்தில் சேர்த்துவிட்டார். அந்தக் குர்திக்கு அது 4 இஞ்ச். 36 உடம்புக்கு வரைந்த துண்டைத் தைத்தால் 40 வரும். 40 உடம்புக்கு வரைந்ததை நான் வெட்டியதால் 44 வந்தது.

நம் ஊர் டெய்லரிடம் இந்தக் குழப்பம் வராது. உங்களை நிற்க வைத்து அளந்து, தளர்வை மனசுக்குள் கூட்டி, சாக்கால் துணியிலேயே கோடு போட்டுவிடுவார். காகிதமோ முன்பின் பார்க்காத உடம்புகளுக்காக வரைந்தது. அமெரிக்காவின் எபெனேசர் பட்டரிக் 1863-இல் வரிசையான அளவுகளில் பேப்பர் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பு கிடைத்த பேட்டர்ன்கள் ஒரே அளவில்தான் வரும். தைப்பவரே அதைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ கொள்ள வேண்டும்.

அங்கே இன்றும் புழங்கும் ஓர் அட்டவணைப்படி 14-ஆம் சைஸ் என்றால் மார்பு 36, இடுப்பு 28, சீட் 38 இஞ்ச். 16 என்றால் 38, 30, 40. கடையில் ரெடிமேட் வாங்கும் சைஸ் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என் உடம்பு 36, 30, 40. மார்புக்கு 14, கீழே 16. இதில் மலைக்க ஒன்றுமில்லை. பல சைஸ்கள் ஒரே தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக, புள்ளிக்கோடும் துண்டுக்கோடுமாக அச்சாகியிருக்கும். கைக்குழி வரை 14-இன் கோட்டில் வந்து, அக்குளிலிருந்து மெல்லச் சாய்ந்து இடுப்பில் 16-இன் கோட்டைத் தொட வேண்டும். முன்துண்டில் செய்ததை அப்படியே பின்துண்டிலும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத் தையல்கள் ஒன்றோடொன்று சேராது.

முன்துண்டில் மார்புக்கு அருகே இன்னோர் எண்ணும் இருக்கும். அது தைத்து முடித்தபின் உடுப்புக்கு வரும் அளவு. பழைய குர்தியின் 40-ஐ ஒப்பிட வேண்டியது இதோடுதான். உடம்பு அளவை இதிலிருந்து கழித்தால் எவ்வளவு தளர்வு என்று தெரிந்துவிடும். கணினியிலிருந்து அச்செடுத்த பேட்டர்ன் என்றால், இதற்கெல்லாம் முன்பு மூலையில் உள்ள சோதனைச் சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 10 செ.மீ. சதுரம் 9.7 இருந்தால், 40 இஞ்ச் குர்தி 38.8 ஆகிவிடும். அச்சு அளவை 100% என்று வைத்து மறுபடி எடுப்பதே வழி.

அடுத்து அம்புக்குறி. துண்டின் நடுவே இரண்டு முனையிலும் அம்பு வைத்த நேர்கோடு இருக்கும். துணியின் நெடுக்கு நூல் இந்தக் கோட்டின் வழியே ஓட வேண்டும் என்பது அதன் பொருள். ஓரக்கரைக்கு இணையாக ஓடுவதுதான் நெடுக்கு நூல். தறியில் இழுத்துக் கட்டப்பட்ட பாவு அது என்பதால் அவ்வளவாக இழுபடாது. குறுக்கே போகும் ஊடை சற்று நெகிழும். இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில் இழுத்தால் துணி ரப்பர் போல நீளும். டெய்லர்கள் கிராஸ் என்பது இதைத்தான். துண்டைச் சாய்த்து வெட்டினால், உடுப்பின் ஒரு பக்கம் கிராஸை நோக்கிப் போய்விடும். அந்தப் பக்கம் தன் எடையிலேயே தொங்கி நீளும். துவைத்து எடுத்த பிறகு பக்கத் தையல் இடுப்பிலிருந்து தொடையின் முன்பக்கம் வரை முறுக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இதனால்தான். வெட்டிய பிறகு இதைச் சரிசெய்ய வழி கிடையாது.

கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அம்பின் மேல் முனையில் ஒரே ஓர் ஊசி குத்துங்கள். அங்கிருந்து கரை வரை அளந்தால் 9 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனையிலிருந்து அளக்கும்போது 9½ காட்டினால், மேல் ஊசியை அச்சாக வைத்துத் துண்டைத் திருப்பி அங்கேயும் 9-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டாவது ஊசி. மற்ற இடங்களில் ஊசி குத்துவது அதன் பிறகுதான்.

துணியும் நேராக இருந்தால்தான் இந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. பருத்தியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். கடையில் வெட்டிய ஓரத்தில் ஒரு குறுக்கு நூலைப் பிடித்து மெல்ல உருவினால், துணியில் மெல்லிய தடம் விழும். அதுதான் உண்மையான குறுக்குக் கோடு. அந்தத் தடத்தில் வெட்டி, கரையோடு கரை சேர்த்து மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றாகப் பொருந்தாவிட்டால், துணி கோணிக்கொண்டிருக்கிறது. குட்டையாக நிற்கும் மூலைகளை எதிரெதிரே பிடித்து இருவராக இழுத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். அச்சடித்த கட்டம் நூலுக்குக் கோணலாக விழுந்த துணியை மட்டும் எதுவும் செய்ய முடியாது. நூலைப் பார்த்து வெட்டினால் கட்டம் சாயும், கட்டத்தைப் பார்த்து வெட்டினால் உடுப்பு முறுக்கும். அந்தத் துணியை வாங்காமல் வருவதே நல்லது.

அம்பின் இரு முனைகளும் துண்டின் ஓரத்தை நோக்கி வளைந்திருந்தால், அது மடிப்புக் குறி. அந்த ஓரத்தைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும், அங்கே வெட்டக் கூடாது. தையலுக்கு விடும் துணியும் அங்கே இருக்காது. தெரியாமல் வெட்டினால் முன்பக்கம் இரண்டு பாதியாகிவிடும். அவற்றைச் சேர்த்துத் தைத்தால் இரு பக்கமும் 1.5 செ.மீ. போய், நடு மார்பில் 3 செ.மீ. குறையும்.

ஓரத்தில் வரும் சிறு முக்கோணங்கள் எதை எதனோடு சேர்ப்பது என்று சொல்பவை. கைக்குழியில் ஒற்றை முக்கோணம் முன்பக்கம், இரட்டை பின்பக்கம். கைத்துண்டின் மேல் வளைவு பார்க்க இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முன்பக்கம் சற்று அதிகமாகக் குடைந்திருக்கும். மாற்றி வைத்துத் தைத்தால், கையை முன்னே நீட்டும்போது முதுகில் பிடிக்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தன் முதல் பேட்டர்னைக் கொண்டுவந்தாள். துணி போதாததால் கைகளை மட்டும் ஒற்றை மடிப்பில் வெட்ட வேண்டியிருந்தது. முதல் கையை வெட்டி முடித்து, காகிதத்தை அப்படியே நகர்த்தி வைத்து இரண்டாவதற்கு ஊசி எடுத்தாள்.

"இப்படியே வெட்டினா ரெண்டும் ஒரே பக்கத்துக் கைதான் வரும்," என்றேன்.

"இதுல 'கட் 2'ன்னுதானே போட்டிருக்கு, அக்கா?"

"ரெண்டு வெட்டணும்தான். ஆனா ஒண்ணு வலது, ஒண்ணு இடது."

வெட்டிய கையை இன்னொரு துணியின் மேல் வைத்து, இரட்டை முக்கோணம் எந்தப் பக்கம் விழுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு காகிதத்தைத் தூக்கி, எழுத்தெல்லாம் துணியோடு ஒட்டும்படி குப்புறப் போட்டு, அம்பின் முனையிலிருந்து கரை வரை டேப்பை நீட்டினாள்.