காது ஆளுக்கு, வயர் மேஜைக்கு

இரவு ஷிப்டில் 30 பேர். ஒரு புகாரும் வராது. காலையில் 60 மேஜையும் நிறைந்த கொஞ்ச நேரத்தில், "நீங்க பேசறது விட்டு விட்டுக் கேக்குதுங்க" என்று வாடிக்கையாளர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். பேசுகிற பெண்ணுக்கோ எதிர்முனைக் குரல் சரியாகவே கேட்கும். அதனால் அவர் ஹெட்செட்டைச் சந்தேகிக்க மாட்டார், நெட்வொர்க்கைத் திட்டுவார். சென்னையில் ஒரு கால் சென்டரில் இந்தச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, நானும் ஒரு வாரம் நெட்வொர்க்கைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன்.

காரணம், கம்ப்யூட்டரில் செருகியிருந்த டாங்கிள். கட்டைவிரல் நகம் அளவுள்ள இந்தத் துண்டு, புளூடூத் வழியாக ஹெட்செட்டோடு பேசுகிறது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையும் வயரில்லா மவுஸும் அதே இடத்தில்தான். 60 டாங்கிள்கள் ஒரே கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்று பேசினால், குரலின் துணுக்குகள் வழியிலேயே தொலைந்துபோகும். ஆள் குறைந்த நேரத்தில் சரியாகி, கூடம் நிறைந்ததும் கெட்டால் அது அலை நெரிசல். எந்த நேரமும் ஒரே மேஜையில் மட்டும் கெட்டால், டாங்கிள் யுஎஸ்பி 3 துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துளையும் அதன் வயரும் 2.4 பக்கம் இரைச்சலைக் கிளப்பும். சின்ன நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டெக்ட் வகை வயரில்லா ஹெட்செட் தனி அலைவரிசையில் இயங்குவதால் வைஃபையோடு மோதாது. ஆனால் அதிலும் ஒரு கூடத்துக்குள் இத்தனை பேச்சுதான் என்ற வரம்பு உண்டு. விலையும் கூடுதல்.

அடுத்தது பேட்டரி. காலை 60 பேர் கழற்றி வைத்ததை மாலை 60 பேர் உடனே எடுத்து மாட்டுகிறார்கள், நடுவில் சார்ஜ் ஏற நேரமில்லை. ஆக ஒரே ஹெட்செட் 16 மணி நேரம் தாங்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பாட்டுக் கேட்கும் நேரம். பேசும் நேரம் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும், அது குறைவு. புதிதில் எப்படியோ ஓட்டினாலும், லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். தினம் ஒரு முறை என்றால் ஒன்றரை ஆண்டுக்குள் அந்த நாள் வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு 'பேட்டரி லோ' என்று காதுக்குள் ஒரு குரல் கேட்கும், கோபமான வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது.

சில டெக்ட் மாடல்களில் பேட்டரியைப் பேச்சு அறுபடாமலே மாற்றலாம். அப்போது 60 உதிரி பேட்டரி, சார்ஜர்கள், காலியானதையும் நிறைந்ததையும் பிரித்து வைக்க ஓர் ஆள். பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்டில் பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கும். அங்கே 60 மேஜைக்கு 120 ஹெட்செட் வாங்குவதுதான் வழி.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்தியது வேறு. காலையில் ஒருவரின் காது வியர்வையில் ஊறிய மெத்தையை மாலையில் இன்னொருவர் மாட்டுவது. காதில் அரிப்பும் சீழும் வந்தால் அது அடுத்தவருக்கும் போகலாம். தோல் போன்ற மேலுறையை ஆல்கஹால் துடைப்பான் கொண்டு துடைக்கலாம், ஆனால் தினமும் துடைத்தால் அது வெடித்து உரியும். பஞ்சு உறையைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மைக்கின் மேல் உள்ள சின்னப் பஞ்சு எச்சிலை வாங்கிக்கொள்ளும், அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. திரவத்தை நேரே தெளித்தால் மைக் போய்விடும், துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

டாங்கிள் ஹெட்செட்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தும் பார்த்தோம். நேற்று ஏழாம் மேஜை, இன்று முப்பதாம் மேஜை. டாங்கிள் பழைய மேஜையிலேயே தங்கிவிடும், புதியதோடு மறுபடி ஜோடி சேர்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் எந்த டாங்கிள் யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை.

கடைசியில் நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பு உள்ள வயர் ஹெட்செட்டுக்கு மாறினோம். 'க்யூடி' என்பார்கள். யுஎஸ்பி முனையும் கீழ் வயரும் மேஜையோடே கிடக்கும். தலையில் மாட்டும் மேல்பாகம் ஆளுக்கு ஒன்று, அவரவர் பெயர் எழுதிய துணிப்பையில் லாக்கருக்குப் போகும். 60 கீழ் வயர், 150 மேல்பாகம், கொஞ்சம் உதிரி. தண்ணீர் குடிக்க எழுந்தால் நடுவில் கழற்றிக்கொண்டு போகலாம். யுஎஸ்பி முனை அப்படியே இருப்பதால் அழைப்பு அறுபடாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு கம்பெனியின் க்யூடி இன்னொன்றோடு பொருந்தும் என்று நம்பக்கூடாது. மேலும் கீழும் சேர்த்துச் செருகிப் பார்த்துவிட்டே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

வயருக்கும் சாவு உண்டு. நாற்காலிச் சக்கரம் ஏறும், முனை அருகே உள்ளே அறுந்து ஒரு பக்கம் பேசும், ஒரு பக்கம் பேசாது. வயரை மெல்ல வளைத்துப் பார்த்தால் கரகரப்பு வந்து காட்டிக்கொடுக்கும். அப்போது அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மேல்பாகம் தப்பிக்கும்.

வயரில்லா ஹெட்செட்களில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டோம், கூடம் முழுக்க நடக்கும் டீம் லீடர்களுக்கு. ஆறு டாங்கிள் நெரிசல் ஆகாது.