இரண்டு வரி பயோவை ஒரு பக்கமாக்குவது எப்படி?

'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மருத்துவர், மேலவை உறுப்பினர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர்.'

பள்ளி விழா மலருக்கு இதை ஒரு பக்கமாக எழுதச் சொன்னால், பலரும் என்ன செய்வார்கள்? 'சிறு வயது முதலே படிப்பில் சுட்டி, விடாமுயற்சியும் எளிமையும் கொண்டவர்' என்று ஆரம்பிப்பார்கள். பெயரை எடுத்துவிட்டு பக்கத்து வீட்டு மாமாவின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அவருக்கும் பொருந்துகிறதா? அப்படியென்றால் அந்த வரி வெறும் இட்டு நிரப்பல்தான்.

பக்கம் வளர வேண்டியது அந்த இரண்டு வரிகளுக்குள் இருந்துதான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, 'ஏன், எப்படி, அதற்கு முன்னால் என்ன?' என்று கேட்க வேண்டும்.

'புற்றுநோய் மருத்துவமனை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏன் புற்றுநோய்? அவருடைய தங்கை அந்த நோயால் இறந்தார். எப்போது தொடங்கினார்? அடிக்கல் நாட்டியது 1952-ல், மருத்துவமனை இயங்க ஆரம்பித்தது 1954-ல். அப்போது அவருக்கு வயது 68-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரியது? 12 படுக்கைகள். யார் உடனிருந்தார்? மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. இதோ, ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லாமல் ஒரு பத்தி தயார்!

அடுத்து 'புதுக்கோட்டை'. இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ஊரின் வரலாறு, மன்னர் பரம்பரை என்று நான்கு வரி ஓடிவிடும். ஆனால், அந்த ஊரில் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அவர் சேர மன்னர் அனுமதி கொடுத்தார். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மன்னர் பக்கத்துக்குள் வரலாம். அரண்மனை வெளியிலேயே நிற்கட்டும்.

'மேலவை உறுப்பினர்' என்பதற்குப் பின்னால் அவருடைய அம்மா சந்திரம்மாள் இருக்கிறார். அவர் தேவதாசி குடும்பத்தில் பிறந்தவர். மகள் மேலவைக்குப் போய், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. பதவியின் பெயரை மட்டும் எழுதினால் இந்தத் தொடர்பு தெரியாமலே போய்விடும்.

பணி ஓய்வு பெறும் அப்பாவுக்கோ, நாற்பது வருடம் தையல் வகுப்பு எடுத்த பாட்டிக்கோ எழுதினாலும் இதே வழிதான். 'பாட்டி, முதல் மெஷின் வாங்க யார் பணம் கொடுத்தாங்க? வேண்டாம்னு யார் சொன்னாங்க? முதல் நாள் எத்தனை பேர் வந்தாங்க?' என்று கேளுங்கள். 'நல்லா கத்துக்கொடுத்தேன்' என்று பொதுவாகப் பதில் வந்தால், 'ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்க' என்று திரும்பக் கேளுங்கள். வருடம் நினைவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். 'பெரியவன் பள்ளிக்கூடம் போன வருடம்' என்று பாட்டி சொன்னபடியே எழுதலாம்.

இத்தனை கேட்டும் முக்கால் பக்கம்தான் வருகிறதா? பாட்டியின் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடுங்கள்.