படத்தை நம்பித் துணி வாங்கலாமா?

பெருநாளுக்கு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்க வெள்ளைத் துணி தேவைப்பட்டது. இரண்டு வியாபாரிகள் கைபேசியில் படம் அனுப்பினார்கள். இருவருமே 'சுத்தக் காட்டன்' என்றார்கள்.

துணியின் மேல் ஸ்கேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மிக அருகில் எடுத்த படம் வேண்டும் என்று கேட்டோம். அதைப் பெரிதாக்கி, ஓர் அங்குலத்துக்குள் இருக்கும் இழைகளை எண்ணினோம். முதல் துணியில் பாவு 60, ஊடை 56. இரண்டாவதில் பாவு 60 இருந்தும் ஊடை 40தான்; இழைகளுக்கிடையே வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட துணி கஞ்சி ஏற்றியிருந்தால் கைக்கு மொடமொடப்பாக இருக்கும். கஞ்சி கரைந்ததும் தொளதொளத்துவிடும். அதை ஒதுக்கினோம்.

முதல் துணியின் நெசவு சரி. ஆனால் அது பருத்திதானா? பருத்தி நூலில் மெல்லிய பிசிறு இருக்கும். நீள இழைப் பாலியஸ்டர் வழவழவென்று மினுங்கும். ஆனால், பாலியஸ்டரைச் சிறு இழைகளாக நறுக்கிப் பருத்தியோடு சேர்த்து நூற்றால் அந்த நூலிலும் பிசிறு உண்டு. அந்தக் கலப்பு படத்தில் பிடிபடாது.

எனவே உள்ளங்கை அளவு மாதிரித் துணி கேட்டு வாங்கினோம். பாவிலும் ஊடையிலும் தனித்தனியே சில இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தட்டின் மேல் கொளுத்தினோம். ஊடை காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலானது. பாவு சுருங்கி உருகி, கறுப்பாகக் கெட்டி உருண்டை மிஞ்சியது. பாவில் பாலியஸ்டர் கலந்திருந்தது தெரிந்துவிட்டது. ரேயானும் காகிதம்போலவே எரியும் என்பதால், இந்தச் சோதனை ரேயான் கலப்பைக் காட்டாது.

கலப்புத் துணியைக் கலப்பு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் குற்றமில்லை. காட்டன் விலை கேட்டதால்தான் அதையும் திருப்பி அனுப்பினோம். படம் நெசவைக் காட்டும். நூலை அறிய மாதிரித் துணி வேண்டும். பணம் அதற்குப் பிறகுதான்.