கருப்பு ஏன் சாம்பலாகிறது?

கல்யாண வீடியோவின் அரக்குச் சிவப்புப் பட்டு, எடிட்டிங் திரையில் தகதகவென்று இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்து போனில் போட்டால், பல சலவை கண்ட துணிபோல வெளிறித் தெரிகிறது. பலர் உடனே சேச்சுரேஷனைக் கூட்டி மறுபடி எக்ஸ்போர்ட் செய்கிறார்கள். அது வீண் வேலை. பட்டின் நிறத்தில் கோளாறு இல்லை, எண்களைப் படித்த விதத்தில்தான் இருக்கிறது.

8-பிட் வீடியோவில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். கணினிப் படங்களில் 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. இது ஃபுல் ரேஞ்ச். தொலைக்காட்சி வழக்கமோ வேறு. அங்கே கருப்பு 16, வெள்ளை 235. அலை வடிவ சிக்னல் எல்லை தாண்டிச் சற்றுத் துள்ளும். அது வெட்டுப்படாமலிருக்க இருபுறமும் இடம் விட்டார்கள். இந்த லிமிடெட் ரேஞ்ச் 1982இல் வந்த டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது. போனில் ஓடும் எம்பி4 கோப்புகளில் பெரும்பாலானவையும் இதே வகைதான்.

எழுதியவரும் படிப்பவரும் ஒரே வழக்கத்தில் இருந்தால் சிக்கலே இல்லை. அந்தக் கல்யாண வீடியோவை எடிட்டர் முதலில் லிமிடெட் மாஸ்டர் கோப்பாக எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப இன்னொரு மென்பொருளில் சுருக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மென்பொருள் மாஸ்டரை ஃபுல் என்று தவறாகப் புரிந்துகொண்டு, மீண்டும் ஒருமுறை சுருக்குகிறது. 16ஆக இருந்த கருப்பு 30 ஆகிறது. 235ஆக இருந்த வெள்ளை 218க்கு இறங்குகிறது. போன் ஒருமுறைதான் விரித்துக் காட்டும். ஆகவே கருப்பு 16இலேயே நிற்கிறது. கண்ணுக்கு அது சாம்பல். தவறு தலைகீழாக நடந்தால் நிழல்கள் கருப்பில் மூழ்கி, முகத்தின் வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப்போகும்.

கண்டுபிடிக்க நல்ல சாட்சி, படத்தின் மேலும் கீழும் உள்ள கருப்புப் பட்டைகள். இருட்டறையில் அவை சாம்பலாகத் தெரிந்தால் ரேஞ்ச் மீது சந்தேகப்படலாம். பட்டை கருப்பாகவே இருந்து, நடுத்தர வெளிச்சம் மட்டும் வெளிறினால் அது காமா சிக்கல். மேக் கணினிகளில் அடிக்கடி வருவது. கோப்பில் என்ன குறிப்பு இருக்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=color_range kalyanam.mp4
```

`tv` என்று வந்தால் லிமிடெட், `pc` என்றால் ஃபுல். ஆனால் இது வெறும் சீட்டு; உள்ளே இருக்கும் எண்கள் சீட்டில் சொன்னபடி இருக்குமென்ற உறுதி இல்லை. நம் உதாரணக் கோப்பிலும் `tv` என்றே வரும். அதனால் பட்டையையும் பார்த்தாக வேண்டும்.

டாவின்சி ரிசால்வில் எக்ஸ்போர்ட் பக்கத்தின் Data Levels பகுதியை, காரணமில்லாமல் Auto-வை விட்டு மாற்றாமலிருப்பது நல்லது. இரண்டாவது மென்பொருளிலும் உள்ளீடு லிமிடெட் என்று சொல்லிவிட வேண்டும். இருமுறை சுருங்கிய கோப்பை விரித்துச் சரிசெய்யவும் முடியும். ஆனால் 219 படிகளில் சுமார் 188தான் மிஞ்சியிருக்கும், மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். மாஸ்டர் கைவசம் இருந்தால் அதிலிருந்தே மறுபடி சுருக்க வேண்டும்.