கூட வேலை பார்ப்பவர் மட்டுமே கண்டது

1999இல் அமெரிக்காவில் பாட்ரிக் பார்ன்ஸ் என்பவர் 33 வயதில் இறந்தார். உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தத் தட்டணுக்களை அழிக்கும் நோய் அவருக்கு. கடைசி வாரங்களில் அவரைக் கவனித்த நர்ஸுகளுக்கு நன்றி சொல்ல அவர் குடும்பத்தார் தொடங்கியதுதான் ‘டெய்சி’ விருது. இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் அது வழங்கப்படுகிறது. நோயாளியோ உறவினரோ மட்டுமல்ல, சக நர்ஸும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம்.

சக நர்ஸ் எழுதுவதற்குத் தனி மதிப்பு உண்டு. நோயாளிக்குத் தெரிவது கனிவான முகமும் இதமான பேச்சும். நள்ளிரவில் அந்த நர்ஸ் எதைக் கவனித்தார், யாரிடம் விடாமல் வாதாடினார் என்பது அதே வார்டில் நின்றவருக்குத்தான் தெரியும். ஆனால் பலர் எழுதுவது என்னவோ இப்படித்தான்: “இவர் கடின உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார், எப்போதும் சிரித்த முகம்.” தேர்வுக் குழுவுக்குப் பெயரை மறைத்துத் தருவது பல இடங்களில் வழக்கம். பெயரை எடுத்துவிட்டால் இந்த வரிகள் அந்த வார்டில் யாருக்கும் பொருந்தும்.

அதே நர்ஸைப் பற்றி இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: “வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு சரியாகவே இருந்தது. இவர் மட்டும் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். மாலையில் 16ஆக இருந்தது 26 ஆகியிருந்தது. காலையில் பார்க்கலாம் என்றார் டாக்டர். இவர் அரை மணி கழித்து மறுபடி எண்ணி, 28 என்று சொல்லி அழைத்தார். டாக்டர் வந்தார், தொற்று பரவியிருப்பது தெரிந்து, அந்த இரவே நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.”

இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. என்ன நிலைமை, இவர் என்ன செய்தார், அதனால் என்ன மாறியது என்ற மூன்றும் இருக்கின்றன. மூச்சு வேகம் கூடுவது பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. பரபரப்பான வார்டில் அதை எண்ணாமல் குத்துமதிப்பாகக் குறித்துவிடுவதும் நடக்கும். அதனால் “எண்ணினார்” என்ற ஒரு சொல்லிலேயே குழுவில் இருக்கும் நர்ஸுகளுக்கு அவருடைய திறமை புரிந்துவிடும்.

“லீவே எடுக்க மாட்டார், இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்ப்பார்” என்று புகழ்வதைத் தவிர்ப்பது நல்லது. அது காட்டுவது ஆள் பற்றாக்குறையை. அவருடைய திறமையை அல்ல.

டாக்டரைக் குறை சொல்லும் தொனியும் வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே ஒரு வாக்கியத்தில் எழுதினால் போதும். நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி எதுவும் வரக் கூடாது. விருது பெறுபவரின் கதையைப் பலர் முன்னிலையில் வாசிப்பார்கள். அந்த நோயாளியின் உறவினரும் அங்கே நிற்கலாம். எழுதுவதை டியூட்டி முடிந்த அன்றே எழுதிவிட வேண்டும். ஒரு மாதம் போனால் 16, 26 என்ற எண்கள் மறந்து, மறுபடி “கடின உழைப்பாளி”தான் மிஞ்சுவார்.