பாலத்தில் பஸ் உண்டா, இல்லையா? தேடல் முடிவின் சின்னப் படத்தில் தொலையும் தமிழ்

மழைக்காலத்தில் வாகரைப் பக்கம் போகவேண்டியவர்கள் பலர் முதலில் செய்வது, கையிலுள்ள போனில் "பனிச்சங்கேணி பாலம்" என்று தேடுவதுதான். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி, பனிச்சங்கேணிக் களப்பை அந்தப் பாலத்தால்தான் கடக்கிறது. தேடியவர் செய்தியைத் திறந்து வாசிப்பார் என்று நிச்சயமில்லை. சிக்னல் ஒரு கோடு, டேட்டா முடியப்போகிறது. தலைப்பையும் அதன் பக்கத்திலுள்ள சின்னப் படத்தையும் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்கிறவர்கள் உண்டு.

அந்தச் சின்னப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய செய்திக் குழுவினர், வெள்ளம் வந்தால் விபரங்களை மட்டும் மாற்றி உடனே போடக்கூடிய ஒரு படத்தை மழைக்கு முன்னரே தயாரித்தார்கள். வெளியிடுவதற்கு முன் அதைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார்கள். கணினித் திரையில் அழகான படம். 1200 பிக்சல் அகலம், 675 பிக்சல் உயரம். பின்னணியில் செம்மண் நிற வெள்ளம். இடது பக்கம் ஊரின் பெயர், நடுவில் "பாலம் வழியே பஸ் போக்குவரத்து", வலது பக்கம் ஒரு சிவப்பு வட்டத்துக்குள் "இல்லை". கீழே சிறிதாக, "வீதியில் நீர் 1.5 அடி".

இதே படம் போனின் தேடல் முடிவில் எப்படித் தெரியும்? கூகுளின் சாதாரண முடிவுகளில், தலைப்பின் பக்கத்தில் வரும் படம் பெரும்பாலும் சதுரமாகத்தான் வருகிறது. என் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளந்தேன். திரையின் அகலத்தை 360 பிக்சல் என்று வைத்தால் அந்தச் சதுரத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல்தான் கிடைக்கிறது. ஏழு சென்ரிமீற்றர் அகலமான போனில் அது இரண்டு சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு.

அகலமான படத்தைச் சதுரமாக்கும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்படும். நடுவில் வெட்டினால் 1200 பிக்சலில் 675 மட்டும் மிஞ்சும். இடதில் 262, வலதில் 263 பிக்சல் போய்விடும். எங்கள் படத்தில் அந்த வலது துண்டுக்குள்தான் சிவப்பு வட்டம் இருந்தது. மிஞ்சியது "பாலம் வழியே பஸ் போக்குவரத்து". தேடிப் பார்க்கிறவருக்கு அதன் பொருள், பஸ் ஓடுகிறது என்பதுதான். செய்தி சொல்ல வந்ததற்கு நேர் எதிர். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், ஓரத்தை வெட்டும் எந்தக் கத்தியும் முதலில் அதையே வெட்டுகிறது. ஆங்கிலச் செய்தித்தளங்களுக்கென எழுதப்பட்ட வடிவமைப்புக் குறிப்புகளில் இந்த ஆபத்தை நான் கண்டதில்லை. அங்கே "நோ" முன்னாலேயே வந்துவிடும்.

அடுத்தது எழுத்தின் அளவு. 675 பிக்சல் 100 ஆகச் சுருங்குகிறது, அதாவது ஆறே முக்கால் மடங்கு. படத்தில் 60 பிக்சலில் எழுதியது 9 பிக்சலில் தெரியும். ஆங்கிலத்தில் 9 பிக்சல் தட்டுத்தடுமாறியாவது வாசிக்கப்படும். தமிழில் முடியாது. காரணம் புள்ளி. தடித்த எழுத்துருவில்கூட மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்தின் அளவில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். 9 பிக்சல் எழுத்தில் அது ஏறத்தாழ ஒரு பிக்சல்தான். படத்தைச் சுருக்கும் மென்பொருள் அதைப் பின்னணியோடு கலந்துவிடும்.

ஓலைச்சுவடியில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் சுழிக்கொம்பும் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்றே சொல்லப்படுகிறது. அதற்கு முன்பும் வாசித்தார்கள்தானே என்று கேட்கலாம். வாசித்தார்கள், முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு ஊகித்து வாசித்தார்கள். இரண்டு சொல் மட்டும் உள்ள சதுரத்தில் ஊகிக்க எதுவும் இல்லை.

பனிச்சங்கேணி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகள், ஒரு சுழிக்கொம்பு. அதோடு, ஒரு சுழி மட்டுமே வேறுபடும் "னி", "ணி" இரண்டும் இதில் இருக்கின்றன. சிறிய அளவில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். "களப்பு" என்பதும் அப்படித்தான். ள கொஞ்சம் மங்கினால் அது "கலப்பு". இன்னொரு சிக்கல் அகலம். பொதுவான தடித்த எழுத்துரு ஒன்றில் பனிச்சங்கேணியை 80 பிக்சலில் எழுதினாலே ஏறத்தாழ 650 பிக்சல் இடம் பிடிக்கிறது. சதுரத்தின் முழு அகலமும் அந்த ஒரு சொல்லுக்கே போய்விடும். அப்படியும் தேடல் முடிவில் அது 12 பிக்சலில்தான் தெரியும்.

எனவே ஊர்ப் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். குழுவில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஊர்ப் பெயர் இல்லாத வெள்ளச் செய்தியா? ஆனால் படம் தனியாக வருவதில்லை. பக்கத்திலேயே தலைப்பு இருக்கிறது, அது உண்மையான எழுத்து, எவ்வளவு சிறிய திரையிலும் தெளிவாகத் தெரியும். முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் புதைக்கவேண்டாம் என்று கூகுளின் சொந்த வழிகாட்டுதலும் சொல்கிறது. ஊர், வீதி, நீரின் ஆழம் ஆகியவை தலைப்பின் வேலை. படத்துக்கு மிஞ்சுவது ஒரே ஒரு கேள்விக்கான பதில்.

நீரின் ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய படத்தைப் பனிச்சங்கேணியில் ஒரு மீனவரிடம் காட்டினேன். கீறல் விழுந்த திரை, நல்ல வெயில். படத்தைப் பெரிதாக்காமல், சதுரத்துக்கு வெளியே போகாத அந்த வரியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். "பிள்ளை, இது ஒண்டரையா, பதினைஞ்சா?" என்று கேட்டார். தசமப் புள்ளியும் மெய்யெழுத்தின் புள்ளியைப்போலவே மிகச் சிறியது. 1.5 அடி நீரில் லொறி போய்விடும். 15 அடி என்றால் ஊரே இல்லை. சிறிய படத்தில் தசமம் வேண்டவே வேண்டாம். "ஒன்றரை அடி" என்று தலைப்பில் எழுதிவிடலாம்.

திருத்திய படத்தில் இரண்டே சொற்கள். மேல் வரியில் "பஸ்", கீழ் வரியில் "இல்லை". 170 பிக்சல் அளவில் "இல்லை" ஏறத்தாழ 600 பிக்சல் அகலம் பிடிக்கிறது, சதுரத்துக்குள் அடங்குகிறது. தேடல் முடிவில் இது 25 பிக்சல், போனில் நாம் வாசிக்கும் சாதாரண எழுத்தைவிடப் பெரிது. "தடை" என்று போட்டால் இன்னும் சிறியது என்றார் வடிவமைப்பாளர். உண்மைதான், ஆனால் பொலிஸ் மறித்ததுபோல ஒலிக்கிறது. "பேருந்து" என்று எங்கள் பக்கம் யாரும் தேடுவதில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் இன்னொரு நல்ல குணம் உண்டு. புள்ளி அழிந்து "பஸ இலலை" என்று தெரிந்தாலும், வேறு எந்தச் சொல்லாகவும் மாறுவதில்லை. சிறிய படத்துக்குச் சொல் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சேதமானால் இது வேறொன்றாகுமா?

எழுத்துருவில் பொதுவாக நடக்கும் தவறு, மிகத் தடிப்பானதைத் தேர்வது. இ, ண, ஞ போன்றவற்றின் உள்ளே உள்ள வெற்றிடம்தான் அவற்றை அடையாளம் காட்டுகிறது. அதிகத் தடிப்பு அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடுவதும் அதையே செய்யும். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றில் 'போல்ட்' தடிப்பு போதும், அதற்கு மேலே போகவேண்டாம். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடவேண்டும். மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும்.

நிறத்தில், செம்மண் வெள்ளத்தின் மேல் சிவப்பு எழுத்து மிக மோசமான சேர்க்கை. ஜேபெக் படங்கள் சுருக்கப்படும்போது வெளிச்ச வேறுபாடு ஓரளவு காப்பாற்றப்படும், நிற விபரம் பெரும்பாலும் பாதியாகக் குறைக்கப்படும். நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்தின் ஓரம் அப்போது கசிந்துவிடும். கடும் நீலத்தின் மேல் வெள்ளை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. நடுச் சதுரத்தை நீலப் பலகையாக்கி, வெள்ளத்தின் புகைப்படத்தை இரு பக்கமும் விட்டோம். வெட்டுப்பட்டால் புகைப்படம் போகும், சொல் போகாது.

சோதிப்பதற்கு இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரு கட்டளை போதும். இது நடுவில் சதுரமாக வெட்டி, 100 பிக்சலாகச் சுருக்கி, தரத்தையும் வேண்டுமென்றே குறைத்துத் தருகிறது:

```
magick vellam.jpg -gravity center -crop 675x675+0+0 +repage -resize 100x100 -quality 60 test.jpg
```

வரும் படத்தைக் கணினியில் பெரிதாக்காமல், கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தயாரித்தவர் பார்த்துப் பயனில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஏற்கனவே தெரியும். வேறொருவரிடம் காட்டி, சத்தமாக வாசிக்கச் சொல்லவேண்டும்.

சதுரப் படத்தைத் தனியாகத் தயாரித்தும் கொடுக்கலாம். செய்திப் பக்கத்தின் கட்டமைப்புத் தரவில் மூன்று வடிவங்களையும் கொடுக்கும்படி கூகுள் கேட்கிறது:

```
"image": [
  "https://example.org/vellam-1x1.jpg",
  "https://example.org/vellam-4x3.jpg",
  "https://example.org/vellam-16x9.jpg"
]
```

கொடுத்தாலும் அதையே எடுக்கும் என்று உறுதியில்லை. எந்தப் படத்தைக் காட்டுவது, காட்டுவதா இல்லையா என்பதைத் தேடுபொறியே முடிவு செய்யும். அதனால்தான் அகலப் படத்தின் நடுவும் தனியாக நிற்கவேண்டும் என்கிறேன். யூடியூப் வேறு கதை. போனில் அங்கே படம் பெரிதாக வரும், வெட்டுப்படுவது குறைவு. ஆனால் வலது கீழ் மூலையில் காணொளியின் நேரம் ஏறி உட்காரும். அந்த மூலையை வெறுமையாக விட்டால் போதும்.

கடைசியாக நாங்கள் சேர்த்தது திகதி. வெள்ளம் வடிந்த பிறகும் பழைய சின்னப் படம் தேடல் முடிவில் சில நாட்கள் கிடக்கலாம். பஸ் ஓடத் தொடங்கிய பின்னும் "பஸ் இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தால், கிளினிக்குக்குப் போகவேண்டிய ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். எனவே "இல்லை"யின் கீழே, 90 பிக்சலில் "டிச. 3" என்பதுபோல ஒரு திகதி. "3/12" என்று எழுதினால் அந்தச் சாய்கோடு ஒன்று என்ற இலக்கம்போலத் தெரியும். நிலைமை மாறும்போது அதே பெயரில் புதிய படத்தை ஏற்றக்கூடாது. கூகுள் படங்களை மீண்டும் வந்து எடுப்பது பக்கங்களைவிட மெதுவாகத்தான். vellam-1203.jpg, vellam-1204.jpg என்று ஒவ்வொரு நாளும் புதிய கோப்புப் பெயர் கொடுத்து, பக்கத்திலுள்ள இணைப்பையும் மாற்றவேண்டும். மழை நாளில் இரவு வேலையில் இருப்பவர் மறக்காமலிருக்க, அந்தக் குழுவினர் இதை எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.